ஜெனரேட்டர் அறைக்கு வாட்டர் மிஸ்டா, ஸ்பிரிங்ளரா?

8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். 240 கன மீட்டர் கொண்ட அந்த அறையில் ஒரு பெரிய டீசல் ஜெனரேட்டர், பக்கத்திலேயே அன்றாட டீசல் தொட்டி, மேலே எக்ஸாஸ்ட் குழாய். இதற்குத் தீயணைப்பு அமைக்க ஸ்பிரிங்ளர், தண்ணீரைப் பனிபோல நுண்துளிகளாகத் தெளிக்கும் வாட்டர் மிஸ்ட் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து, கடைசியில் மிஸ்டையே போட்டோம். இப்போது கேட்டாலும் இந்த அறைக்கு மிஸ்ட்தான் என்பேன்.

முதலில் ஸ்பிரிங்ளர். எண்ணெய் இருக்கும் இயந்திர அறைக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவில் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 48 சதுர மீட்டருக்கு அது நிமிடத்துக்கு 576 லிட்டர். ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 35,000 லிட்டர். வடிகால் அடைத்துக்கொண்டால் அந்த அறையில் 70 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். டீசல் அதன் மேல் மிதந்து, எரிந்தபடியே மூலைமுடுக்கெல்லாம் பரவும். உயர் அழுத்த டீசல் குழாயில் விரிசல் விழுந்து எண்ணெய் பீய்ச்சி எரிந்தால், ஸ்பிரிங்ளரின் பெரிய துளிகள் அந்தத் தீயை அணைப்பது கடினம். கூரையையும் சுற்றியுள்ள இரும்பையும் குளிர்வித்து, தீ பரவாமல் பிடித்து வைக்கும். அதன் வேலை அதுதான், அதை நன்றாகவே செய்யும்.

மிஸ்ட் வேறு வழியில் போகிறது. அதே ஒரு லிட்டர் தண்ணீரை 1 மில்லிமீட்டர் துளிகளுக்குப் பதிலாக 100 மைக்ரான் துளிகளாக உடைத்தால், வெப்பத்தைத் தொடும் பரப்பு பத்து மடங்காகிறது. துளி சட்டென்று ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவியாக விரிந்து, தீக்குப் போகும் காற்றையும் நீர்த்துப்போகச் செய்கிறது. நுண்துளிகள் காற்றோடு சேர்ந்து இயந்திரத்தின் அடிப்பக்கம் வரை நுழையும். மேலிருந்து நேராக விழும் பெரிய துளிக்கு அது முடியாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பெரிய தீயைத்தான் மிஸ்ட் சீக்கிரம் அணைக்கும். பெரிய தீ நிறைய நீராவியை உண்டாக்கி, ஆக்சிஜனையும் தானே தின்றுவிடும். இயந்திரத்தின் அடியில் ஒரு தட்டில் சொட்டிய எண்ணெய் சிறிதாக எரிந்துகொண்டிருந்தால், அதை அணைக்க பல நிமிடங்கள் ஆகலாம். கதவு திறந்திருந்தால் அணையாமலே போகலாம். அதனால் மிஸ்ட் திறப்பதற்கு முன்பே காற்றோட்ட விசிறி நிற்க வேண்டும், காற்று வழியை அடைக்கும் டாம்பர் மூட வேண்டும், டீசல் வால்வு அடைபட வேண்டும். மூன்றும் தீ உணரியோடு தானாக நடக்கும்படி இணைத்திருக்க வேண்டும்.

நாசில் அமைப்புக்கு வருவோம். ஸ்பிரிங்ளருக்குப் பொதுவான அடர்த்திக் கணக்கு இருக்கிறது, எந்தத் தயாரிப்பாளரின் தலையானாலும் அதில் பொருந்தும். மிஸ்டுக்கு அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட நாசிலை, குறிப்பிட்ட கன அளவு, உயரம், இடைவெளியில் தீ மூட்டிச் சோதித்த முடிவு மட்டுமே செல்லும். எங்கள் நாசிலின் சோதனை 260 கன மீட்டர் வரை, 5 மீட்டர் உயரம் வரை. எங்கள் அறை அதற்குள் அடங்கியது. கூரையில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்று என ஆறு திறந்த நாசில்கள். வரிசைகளுக்கிடையே 3 மீட்டர், வரிசைக்குள் சுமார் 2.7 மீட்டர், சுவரிலிருந்து அதில் பாதி. எக்ஸாஸ்ட் குழாய் ஒரு நாசிலுக்கு நேர் கீழே வந்தது. நாசிலை இஷ்டத்துக்கு நகர்த்தாமல், சோதனையில் அனுமதித்த எல்லைக்குள் மட்டும் தள்ளி வைத்தோம்.

100 பாரில் ஒரு நாசில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தெளிக்கும். ஆறும் சேர்ந்து 90 லிட்டர். அதற்கு பம்ப் தரும் சக்தி 15 கிலோவாட், மோட்டார் 18.5 கிலோவாட். பத்து நிமிடத்துக்கு 900 லிட்டர் போதும் என்று சொல்லலாம். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் டீசல் பட்டால் அணைந்த தீ மறுபடி பிடித்துக்கொள்ளும். அது ஆறும் வரை தெளிப்பதற்காக அரை மணி நேரத்துக்கு 2,700 லிட்டர் என்று கணக்கிட்டு, 3,000 லிட்டர் தொட்டி வைத்தோம். அந்த பம்ப் இதே ஜெனரேட்டரின் மின்சாரத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இந்தத் தேர்வை நிலைக்க வைப்பதோ கெடுப்பதோ ஒரே விஷயம்தான்: நாசிலுக்குப் போகும் தண்ணீரின் சுத்தம். ஸ்பிரிங்ளரின் துளை சுமார் 12 மில்லிமீட்டர், சின்னத் துரு அதில் ஓடியே போய்விடும். மிஸ்ட் நாசிலின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. ஃபில்டரின் கண் அந்தத் துளையின் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே குழாய் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தொட்டியில் குடிநீர்த் தரத் தண்ணீர், வெளிச்சம் புகாத மூடி. நாசில்களை மாட்டும் முன் குழாயைக் கழுவி, கடைசி முனையில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பார்த்தோம். வெல்டிங் பொடியும், நூல் போன்ற டெஃப்லான் டேப் துணுக்குகளும் அதில் ஒட்டியிருந்தன. துணி சுத்தமாக வரும் வரை கழுவிய பிறகே நாசில் ஏறியது.

இங்கே அழுத்தமானியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். இந்த பிளஞ்சர் பம்ப் எப்போதும் ஒரே அளவு தண்ணீரைத் தள்ளும். நாசில் அடைத்துக்கொண்டால் மிச்சத் தண்ணீர் அன்லோடர் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பிவிடும், மானி அப்போதும் 100 பார் என்றே காட்டும். அதனால் சோதனை ஓட்டத்தில் நாங்கள் தொட்டி மட்டத்தை அளக்கிறோம். தொட்டியின் அடிப்பரப்பு 2.25 சதுர மீட்டர். மிதவை வால்வை அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டினால், 450 லிட்டர் போய் மட்டம் 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். 17 மட்டும் இறங்கினால் நிமிடத்துக்குப் பதின்மூன்று லிட்டருக்கு மேல் குறைகிறது, கிட்டத்தட்ட ஒரு நாசில் அளவு. எது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு நாசிலிலும் ஒரு பையைக் கட்டி, தண்ணீரை வாளிக்கு இறக்கி, ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். 15 லிட்டர் வராத நாசிலைக் கழற்றினால், அதன் உள்ளே இருக்கும் சிறு ஃபில்டரில் கறுப்புப் படலம் தெரியும். முடித்ததும் குழாயில் காற்றை ஊதிக் காய வைக்கிறோம்.

இவ்வளவையும் செய்ய ஆள் இல்லாத இடத்துக்கு ஸ்பிரிங்ளர்தான் சரி. அதேபோல் சுவர் திறந்த கொட்டகை, மூட முடியாத பெரிய ஷட்டர், சோதித்த அளவைத் தாண்டிய கூடம் என்றாலும் நான் ஸ்பிரிங்ளர் பக்கம்தான் போவேன், தேவைப்பட்டால் நுரைக் கலவையோடு. டர்பைன் அறையில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. அங்கே சூடான உறை மேல் தொடர்ந்து தண்ணீர் பட்டால் உலோகம் கோணிவிடும் என்பதால், மிஸ்டைத் தொடர்ந்து தெளிக்காமல் இடைவெளி விட்டுத் தெளிக்கும் முறை வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், வாங்கும் முன் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. நாசிலின் சோதனை அறிக்கையில் உள்ள கன அளவு, உயரம், இடைவெளி மூன்றையும் உங்கள் அறை வரைபடத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த அறைக்கு அந்த நாசில் சோதிக்கப்படவில்லை என்று அர்த்தம்.