லென்ஸ் டப்பாவில் படியும் வழுவழுப்பு: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பல வருடங்களாக மென்மையான காண்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். லென்ஸைப் பற்றியும் கரைசலைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் அனுபவத்தில் அவற்றைவிட அதிகக் கவனம் தேவைப்படுவது டப்பாவுக்குத்தான்.

புது டப்பாவின் உட்புறத்தை விரலால் தேய்த்தால் பிடிப்பாக இருக்கும். நாளாக ஆக அதே இடம் வழுக்கத் தொடங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வழுவழுப்பு பெரும்பாலும் பயோஃபிலிம், அதாவது பாக்டீரியாக்கள் கூட்டாகக் கட்டிய படலம். கண்ணீரிலிருந்து லென்ஸோடு வரும் புரதங்கள் முதலில் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. விரலிலோ குழாய்த் தண்ணீரிலோ இருந்து வரும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதில் ஒட்டுகின்றன. ஆரம்பத்தில் பிடி தளர்வுதான். விட்டுவிட்டால் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த பசையைச் சுரந்து, அதற்குள்ளேயே பெருகுகின்றன.

'99.9% கிருமிகளைக் கொல்லும்' என்ற வகைக் கணக்கெல்லாம் பொதுவாகத் திரவத்தில் தனித்தனியாக மிதக்கும் பாக்டீரியாக்களை வைத்துப் பார்த்தது. படலத்துக்குள் நிலைமை வேறு. பல கரைசல்களில் உள்ள பைகுவனைடு வகைக் கிருமிநாசினிக்கு நேர் மின்னூட்டம். பசைக்குப் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம். அதனால் மருந்தில் ஒரு பகுதி மேலடுக்கிலேயே சிக்கித் தீர்ந்துவிடுகிறது. அடியில் இருப்பவற்றுக்கு உணவும் ஆக்சிஜனும் குறைவு என்பதால் அவை கிட்டத்தட்ட வளராமல் கிடக்கும். வளராமல் கிடப்பதும் ஒரு பாதுகாப்புதான். உதாரணத்துக்கு, பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவர் கட்டப்படும்போதுதான் வேலை செய்யும். சுவரே கட்டாத பாக்டீரியாவை அவை என்ன செய்ய முடியும்? படலத்துக்குள் இப்படித் தப்பிப்பது பெரும்பாலும் மரபணு மாறி வந்த எதிர்ப்பு இல்லை. அதே பாக்டீரியாவைப் படலத்திலிருந்து பிரித்துத் திரவத்தில் விட்டால், அதே மருந்துக்குப் பெரும்பாலும் செத்துவிடும்.

அதனால்தான் நீண்ட நேரம் ஊறவைப்பதைவிடத் தேய்ப்பது பலன் தருகிறது. காலையில் பழைய கரைசலை முழுக்கக் கொட்டுகிறேன். சுத்தமான விரலால் உட்புறத்தைத் தேய்த்து, புதுக் கரைசலால் அலசி, டிஷ்யூ தாளால் துடைத்து, மூடியைத் திறந்தபடி கவிழ்த்துக் காயவிடுகிறேன். தண்ணீர் படவே கூடாது. பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றி நிரப்புவதும் கூடாது, மருந்து நீர்த்துப்போகும். இவ்வளவு செய்தாலும் மூடியின் மரைக்குள் விரல் எட்டாது. அதனால் அகலமான வாயும் வழவழப்பான உட்புறமும் கொண்ட டப்பாவே என் தேர்வு. அப்புறம், 3 மாதத்துக்கு ஒருமுறை அதையும் மாற்றிவிட வேண்டும்.

கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். டப்பாவை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தே வளர்த்துப் பார்க்க முடியும். சிகிச்சைக்குப் பிறகு பழைய டப்பாவை மறுபடி தொட வேண்டாம்.