தள்ளினாலும் போகாத அறிவிப்பு: வழிப்பதிவுச் செயலியோடு சில வருட அனுபவம்

அறிவிப்புப் பட்டையில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் துடைத்தாலும் ஒன்று மட்டும் அப்படியே நிற்கும். பாட்டுச் செயலி, டாக்ஸி ஓட்டுநர்களின் செயலி, போனையும் கணினியையும் இணைக்கும் செயலி, உடற்பயிற்சிச் செயலி என்று பல இப்படிச் செய்கின்றன. விளம்பரத்துக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து முதல் வேலையாக அதை மறைக்கப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். நான் சைக்கிள் ஓட்டும் வழியைப் பதிவு செய்யும் ஒரு செயலியை ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து பயன்படுத்துகிறேன். இத்தனை காலப் பழக்கத்தில் அந்த அறிவிப்பைப் பற்றி எனக்குத் தெரியவந்ததை இங்கே எழுதுகிறேன்.

திரையை அணைத்துப் போனைப் பையில் போட்டதும் ஒரு செயலி ஆண்ட்ராய்டின் பார்வையில் பின்னணிக்குப் போய்விடுகிறது. நினைவகம் தேவைப்பட்டால் பின்னணியில் சும்மா கிடக்கும் செயலிகளைத்தான் அது முதலில் மூடும். எதை முதலில் மூடலாம் என்பதற்கு ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. திரையில் இருக்கும் செயலிக்கு 0, பின்னணியில் சும்மா கிடப்பதற்கு 900க்கு மேல். எண் பெரிதாக இருந்தால் ஆபத்து அதிகம். ஒரு செயலி 'நான் இப்போது ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன், போனின் உரிமையாளருக்கும் அது தெரியும்' என்று சொல்லித் தன் சேவையை முன்னணிக்குக் கொண்டுவரலாம். அதைத்தான் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் என்கிறார்கள். அப்படிச் செய்தால் எண் 200 அளவுக்கு இறங்கிவிடும், எளிதில் மூடப்படாது. 'உரிமையாளருக்கும் தெரியும்' என்பதற்கு ஆண்ட்ராய்டு கேட்கும் சாட்சி அந்த அறிவிப்பு. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 இதில் மிகவும் கறாரானது. முன்னணிச் சேவையாகத் தொடங்குகிறேன் என்று சொன்ன செயலி 5 விநாடிக்குள் அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தச் சேவையை நிறுத்திவிட்டு, செயலி பதிலளிக்கவில்லை என்று அறிவித்துவிடும்.

ஆக, அந்த அறிவிப்பைச் செயலி விரும்பி வைப்பதில்லை. கட்டாயத்தின் பேரில் வைக்கிறது. நமக்குத் தெரியாமல் எதுவும் ஓடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு.

வழிப்பதிவில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் கிடக்கும் செயலிக்கு இருப்பிடத் தகவல் ஒரு மணி நேரத்துக்குச் சில தடவை மட்டுமே கிடைக்கும். மணிக்கு 4 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 4 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. அதை வைத்து வழி வரைய முடியாது. முன்னணிச் சேவையாக ஓடினால் விநாடிக்கு ஒரு புள்ளி கூடக் கிடைக்கும்.

இன்னொரு பலனும் உண்டு, பலர் கவனிக்காதது. இருப்பிட அனுமதி கேட்கும்போது "Allow all the time" என்று கொடுக்க எனக்கு மனமே வராது. கொடுக்கவும் தேவையில்லை. செயலியைத் திரையில் திறந்து வைத்துப் பதிவைத் தொடங்கினால், அதற்கு அப்புறம் திரை அணைந்தாலும் "Allow only while using the app" என்ற அனுமதியே போதும். அறிவிப்பு இருக்கும் வரை ஆண்ட்ராய்டு அதைப் பயன்பாட்டில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. பதிவை நிறுத்தி அறிவிப்பு போனதும் அந்த உரிமையும் போய்விடும். ஒரு வழிப்பதிவுச் செயலி எப்போதும் இருப்பிடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஏன் என்று கேட்பது நியாயம்.

சரி, இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் பதிவு நடுவில் அறுந்துபோவது உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூரிலிருந்து கோவளம் பக்கம் போன பதிவைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் நேராகப் போவதால், நடுவில் புள்ளிகளே இல்லாவிட்டாலும் இரண்டு முனைகளை இணைக்கும் கோடு சாலை மேலேயே கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். ஊருக்குள் சந்து சந்தாக ஓட்டியிருந்தால் வீடுகளைக் குறுக்கே வெட்டும் கோடாகத் தெரிந்திருக்கும். இங்கே காட்டிக்கொடுத்தது வேக வரைபடம். ஏறி இறங்கிக்கொண்டிருந்த வேகம் ஓரிடத்தில் துளி அசைவில்லாமல் தட்டையாகப் போனது. பதிவின் புள்ளிகள் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைத் திறந்தால் அந்த இடத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் நேரம் இப்படி இருந்தது:

```
<time>2025-01-12T00:52:07Z</time>
<time>2025-01-12T01:21:40Z</time>
```

கடைசியில் உள்ள Z உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்ட வேண்டும். காலை 6.22க்கு ஈஞ்சம்பாக்கம் அருகே ஒரு புள்ளி, அடுத்தது 6.51க்கு முட்டுக்காடு வருவதற்குச் சற்று முன்னால். நடுவில் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை.

இப்படி இடைவெளி விழ இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு என்பதால் எது என்று பிரித்தறிய வேண்டும். ஒன்று, சேவை உயிரோடு இருக்கிறது, ஆனால் இருப்பிடம் வரவில்லை. பேட்டரி சேவர் போட்டிருந்தால் திரை அணைந்ததும் இருப்பிடம் நின்றுபோகலாம். அப்போது அறிவிப்பு பட்டையிலேயே இருக்கும், அதில் உள்ள தூரம் மட்டும் நகராது. இன்னொன்று, செயலியே கொல்லப்பட்டுவிட்டது. அப்போது அறிவிப்பே இருக்காது. அன்று 6.51க்கு ஒரு டீக்கடையில் நின்று போனை எடுத்தபோது அறிவிப்பைக் காணோம். செயலியைத் திறந்த பிறகுதான் பழைய பதிவோடு சேர்த்து மறுபடி எழுதத் தொடங்கியது. எனவே இரண்டாவது காரணம்தான். பயன்பாட்டின்போது மட்டும் என்ற அனுமதி இருக்கையில் கொல்லப்பட்ட செயலி பின்னணியிலிருந்து தானே எழுந்து இருப்பிடத்தை வாங்க முடியாது. நாம் கையால் திறக்க வேண்டும். 6.51க்கு ஏன் பதிவு தொடர்ந்தது என்பதற்கும் இதுவே விளக்கம்.

கொன்றது எது? ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் முன்னணிச் சேவையை இவ்வளவு சுலபமாக மூடாது. என் போனைத் தயாரித்த நிறுவனம் அதற்கு மேல் தன் சொந்த பேட்டரி மேலாளர் ஒன்றை வைத்திருந்தது. திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆனால், அறிவிப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அது செயலிகளை மூடிக்கொண்டே வந்தது. செயலியின் பேட்டரி அமைப்பில் "Unrestricted" என்று மாற்றியதோடு, அந்த மேலாளரின் தனிப் பட்டியலிலும் செயலிக்கு விலக்குக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த மாதிரி இடைவெளி வரவில்லை. உங்கள் போனில் அந்த இடத்தில் "Restricted" என்று இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். அந்த நிலையில் உள்ள செயலி பின்னணிக்குப் போனதும் அதன் முன்னணிச் சேவைத் தகுதியை ஆண்ட்ராய்டே பறித்துவிடும்.

கணினியோடு இணைத்துச் சரிபார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வழி உண்டு. பதிவைத் தொடங்கித் திரையை அணைத்த பிறகு இதைக் கொடுங்கள், கடைசியில் com.example.app இருக்கும் இடத்தில் உங்கள் செயலியின் பேக்கேஜ் பெயரைப் போட்டு:

```
adb shell dumpsys activity services com.example.app
```

வரும் பட்டியலில் `isForeground=true` என்று இருந்தால் சேவை முன்னணியில் ஓடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொடுத்து, அந்த வரியே காணாமல் போயிருந்தால் எதுவோ மூடியிருக்கிறது.

இனி ஸ்வைப் விஷயம். ஆண்ட்ராய்டு 12 வரை இந்த அறிவிப்பைத் தள்ளவே முடியாது. 2022இல் வந்த 13இல் முன்னணிச் சேவையின் அறிவிப்பைத் தள்ளிவிடலாம் என்று மாற்றினார்கள். ஆனாலும் செயலிகள் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு குறியைப் போட்டு அதைத் தடுக்க முடிந்தது. 14இல் அந்தக் குறி போட்டிருந்தாலும் தள்ளலாம் என்றாகிவிட்டது. எல்லாவற்றையும் துடைக்கும் பொத்தானுக்கு மட்டும் அது அசையாது, போன் பூட்டியிருந்தாலும் அசையாது. நடக்கும் தொலைபேசி அழைப்பு போன்ற சிலவற்றுக்கு இன்னமும் விலக்கு உண்டு.

இங்கேதான் குழப்பம் வருகிறது. தள்ளிவிட்டால் சேவை நிற்காது, அறிவிப்பு மட்டும்தான் கண்ணிலிருந்து மறையும். என் போன் 14க்கு மாறியபோது, ஒரு பயணத்தின் நடுவில் அறிவிப்பைத் தள்ளிப் பார்த்தேன். பதிவு கடைசி வரை முழுசாக ஓடியது. ஓடுவது என்ன என்று பார்க்க வேறு இடம் இருக்கிறது. அறிவிப்புப் பட்டையை முழுசாகக் கீழே இழுத்தால் அடியில் "1 active app" என்பது போல ஒரு சிறு வரி வரும். போனுக்குப் போன் அதன் இடம் கொஞ்சம் மாறலாம். அதைத் தொட்டால் ஓடும் செயலிகளின் பட்டியலும், பக்கத்தில் "Stop" பொத்தானும் கிடைக்கும். அறிவிப்பு அனுமதியையே மறுத்திருந்தாலும் செயலி இந்தப் பட்டியலில் வரும். தவிர, 24 மணி நேரத்தில் 20 மணி நேரம் ஒரு சேவை ஓடினால் ஆண்ட்ராய்டே உங்களுக்கு ஒரு தகவல் சொல்லும். இருப்பிடச் சேவைக்கும் பாட்டுச் சேவைக்கும் அந்தத் தகவல் வராது. எனவே பதிவை நிறுத்தாமல் விட்டு அறிவிப்பையும் தள்ளிவிட்டால், இரவு முழுக்க ஜிபிஎஸ் ஓடினாலும் யாரும் உங்களை எழுப்பப் போவதில்லை. இந்த மாற்றத்தில் எனக்கு உடன்பாடில்லாதது இது ஒன்றுதான். இருப்பிடம் வாங்கும் சேவைகளுக்காவது பழையபடி தள்ள முடியாத அறிவிப்பையே விட்டிருக்கலாம்.

அந்த "Stop" பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அழுத்தினால் சேவை மட்டும் நிற்பதில்லை, செயலி முழுவதும் நினைவகத்திலிருந்து தூக்கப்படும். தூக்கும் முன் செயலிக்கு எந்தத் தகவலும் போகாது. கோப்பை எழுதி முடிக்க அவகாசம் இல்லாததால், கடைசியாகச் சேமித்த பிறகு வந்த புள்ளிகள் போய்விடலாம். பதிவை முடிக்க, அறிவிப்பிலேயே செயலி வைத்திருக்கும் நிறுத்தும் பொத்தானையோ செயலியின் உள்ளே இருப்பதையோ பயன்படுத்துங்கள். "Stop" என்பது சொல்பேச்சு கேட்காத செயலிக்கு.

நான் இப்போது வைத்திருக்கும் முறை இது. வழிப்பதிவின் அறிவிப்பைத் தள்ளுவதில்லை, அதை அழுத்திப் பிடித்து ஓசையில்லாத வகைக்கு மாற்றிவிட்டேன். பட்டையின் அடியில் போய் அமைதியாக இருக்கிறது, தூரம் நகர்வதை ஒரு பார்வையில் பார்க்கலாம். பாட்டு, கணினி இணைப்பு இரண்டும் அப்படியே இருக்கின்றன. நான் தொடங்காத வேலைக்கு அறிவிப்பு காட்டிய ஒரு வால்பேப்பர் செயலியை அன்றே நீக்கிவிட்டேன். படங்களைக் காப்பெடுக்கும் செயலியை மட்டும் இப்போது கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டு 15க்கென எழுதப்பட்ட செயலிகளுக்கு, தரவு ஒத்திசைவு வகையில் பின்னணியில் ஓடும் முன்னணிச் சேவைக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம் என்று வரம்பு வந்திருக்கிறது. செயலியைத் திரையில் திறந்தால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பெரிய காப்பு நடுவில் நின்றால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.