நீச்சல்குளப் படத்துக்கு நீரடித் தோற்றம்: எந்த வழி எங்கே பொருந்தும்?

தண்ணீருக்குள்ளேயே எடுத்த படம்கூடச் சில சமயம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் தெரிவதில்லை. கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமன், நீர் தந்த நீலப்பச்சையைக் குறையாகக் கருதி நீக்கிவிடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். இந்த அலசலுக்கு நான் எடுத்துக்கொண்ட படமும் அப்படிப்பட்டதுதான்: நண்பகல் வெயிலில், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில், கறுப்பு நீச்சலுடை அணிந்த ஒரு சிறுமி கேமராவை நோக்கி நீந்தி வருகிறாள். போட்டோஷாப்பில் இப்படத்தின் மீது வெவ்வேறு வழிகளைச் செய்து ஒப்பிட்டேன்.

முதலில் நிறம். பலரும் செய்வது, நீலப்பச்சை நிரப்பிய ஒரு லேயரை `Color` முறையில் 30 சதவீத அளவுக்கு மேலே வைப்பது. அரை நிமிடத்தில் முடிந்துவிடும்; ஆனால் தோலின் செம்மஞ்சளும் நீலப்பச்சையும் எதிரெதிர் நிறங்கள் என்பதால், இரண்டும் கலந்த இடத்தில் சிறுமியின் கன்னம் சாம்பல் பூத்து, நோயுற்றவர் முகம்போல் ஆகிவிட்டது. இதற்கு மாற்றாக, `Curves` லேயரில் சிவப்புச் சானலின் நடுப்புள்ளியை 128-இலிருந்து 90 வரை இறக்கி, நீலச் சானலின் கறுப்பு முனையைச் சுமார் 20 வரை உயர்த்தலாம். நீர் உண்மையில் செய்வதும் இதுதான்: அது படத்தின் மேல் நீலத்தைப் பூசுவதில்லை, ஒளி கடந்து வரும் தூரத்துக்கேற்பச் சிவப்பை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மாஸ்க்கில் தொலைவுக்கு வெள்ளையும் அருகுக்குச் சாம்பலுமாக ஒரு கிரேடியன்ட் இட்டால், பின்சுவர் நீலப்பச்சையில் ஆழ்ந்து போக, முகத்தில் உயிர்ச்செம்மை மிஞ்சும். நிறத்தைப் பொறுத்தவரை எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை.

அலையும் நீரின் வழியே வரும் வெயில் தரையிலும் உடலிலும் வரையும், காஸ்டிக்ஸ் எனப்படும் ஒளிவலையில் முடிவு இவ்வளவு எளிதன்று. `Clouds`, அதன்மேல் சில முறை `Difference Clouds`, பிறகு `Invert`, இறுதியில் `Levels` என்று சென்றால், கறுப்புப் பின்னணியில் வெண்ணரம்புகள் ஓடும் வலை கிடைக்கும். குளத்தின் தரையை நேராகப் படம்பிடித்து அந்த ஒளிவலையைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. உண்மையான வலையில் கோடுகள் சந்திக்கும் முடிச்சுகள் பளிச்சென்று கூர்மையாக இருக்கும். மேகங்களிலிருந்து செய்த வலையில் அந்த முடிச்சுகள் வருவதில்லை. விரிந்த தரையில் கண் இதை உடனே பிடித்துவிடும். தோளிலும் முதுகிலும் விழும் சிறு துண்டில் பிடிக்காது. எனவே தரைக்குப் படமெடுத்த வலை, உடலுக்குச் செய்த வலை என்று பிரித்துக்கொண்டேன். படமெடுத்த வலையில் ஓடுகளின் இடைக்கோடுகளும் சேர்ந்து வரும். அவற்றை அழிக்காவிட்டால், படத்தில் ஏற்கெனவே உள்ள கோடுகளோடு மோதி ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும். தொலைவில் வலைக்கண்கள் சிறுத்துப் போகும்படி `Perspective` கொண்டு சாய்க்கவும் வேண்டும்.

எந்த வலை என்பதைவிட, அதை எப்படிப் படத்தில் சேர்க்கிறோம் என்பதே முக்கியம். `Screen` முறையில் வைத்தபோது கறுப்பு நீச்சலுடையின் மேல் சாம்பல் கோடுகள் சுண்ணாம்பால் வரைந்ததுபோல் நின்றன. ஒளி விழுவது வேறு, வெண்மை பூசுவது வேறு. கறுப்புத் துணி மீது எவ்வளவு ஒளி விழுந்தாலும் அது சிறிதளவே மின்னும். அதனால் வலையை லேயராக வைக்காமல், வெளிச்சத்தைக் கூட்டும் ஒரு `Curves` லேயரின் மாஸ்க்கில் ஒட்டினேன். கறுப்பு முனையை நகர்த்தாமல் நடுப்பகுதியை மட்டும் உயர்த்தினால் துணி கறுப்பாகவே இருக்க, தோளும் கூந்தலின் மேற்புறமும் ஒளிரும். ஒளி மேலிருந்து வருவதால் தாடையின் அடியிலும் வயிற்றுப் பக்கத்திலும் மாஸ்க்கைக் கறுப்பாக்க மறக்கக் கூடாது. இந்த ஒரு தவறே பல நல்ல முயற்சிகளைக் கெடுத்துவிடுகிறது. சிவப்பைக் குறைத்த லேயர் இதற்கு மேலே இருந்தால், ஒளிவலையும் நீரின் நிறத்தையே ஏற்கும்.

மிதக்கும் துகள்களுக்கு `Add Noise` படம் முழுவதும் ஒரே அளவுப் புள்ளிகளைத் தூவுவதால், அது ஃபிலிம் படங்களில் வரும் பொடிப்புள்ளிகள்போலவே தெரிகிறது. தூரிகையில் `Scattering`, `Size Jitter` இரண்டையும் கூட்டி, மூன்று லேயர்களில் இடுவது மேல்: தொலைவில் நுண்புள்ளிகள், நடுவில் கொஞ்சம், கேமராவுக்கு அருகே மங்கலாக்கிய பெரிய வட்டங்கள் நான்கைந்து. பராமரிக்கப்படும் குளத்தில் தூசு குறைவு. ஆகவே பெரும்பாலானவற்றைக் காற்றுக்குமிழ்களாகக் காட்டி, கையும் காலும் நீரைக் கலக்கும் இடத்தில் நெருக்கமாக வைத்தேன்.

மேகமூட்டத்திலோ கூரையடிக் குளத்திலோ எடுத்த படத்தில், நேரடி வெயிலின் நிழல் எங்கும் இல்லையென்றால் ஒளிவலையைச் சேர்க்கவே வேண்டாம். அதற்குச் சிவப்பைக் குறைப்பதும் சில குமிழ்களும் போதும்.