திருப்பாதிரிப்புலியூரில் நள்ளிரவுக்குப் பிறகு ஏறுகிறவர்களுக்கு: பண்டிகை டிக்கெட் எடுத்த என் அனுபவம்

கடலூர் முதுநகரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்து, "தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எந்த நாள் திறக்குது, நீதான் வருஷா வருஷம் எடுக்கிறியே" என்று கேட்டார். தேதியை மட்டும் சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் தவறுவது அந்தத் தேதிக் கணக்கில்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கச்சி சென்னையில் வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு பிள்ளைகளோடு கடலூர் வருவாள், டிக்கெட் எடுப்பது என் பொறுப்பு. வருவதில் பெரிய சிக்கல் இல்லை. எழும்பூரில் கிளம்பும் வண்டியில் எழும்பூரிலேயே ஏறுகிறாள், 60 நாள் முன்னால் காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் கிடைத்துவிடும். 2024 நவம்பர் 1-ம் தேதிக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. நான்கு மாதம் கழித்து எந்த நாள் லீவு கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? 60 ஆக்கியது எனக்கு நிம்மதி.

திரும்பிப் போவதில்தான் வம்பு. விடுமுறை முடிந்து திங்கள் காலை சென்னையில் இருக்க வேண்டும் என்றால் மன்னை எக்ஸ்பிரஸ், உழவன் மாதிரி வண்டிகள்தான் வசதி. மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் ஞாயிறு இரவு கிளம்பி, நம் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு நள்ளிரவு தாண்டி வருகிற வண்டிகள் இவை. நாம் ஏறும்போது தேதி திங்களாகிவிடும், ஆனால் 60 நாள் கணக்கு ஓடுவது வண்டி முதல் ஸ்டேஷனில் கிளம்பும் தேதியை வைத்து. நம் ஏறும் தேதியிலிருந்து எண்ணினால் 61 நாள் முன்னாலேயே திறந்துவிடுகிறது. தட்காலும் இதே மாதிரிதான், கிளம்பும் தேதிக்கு முந்தின நாள்.

இந்த வருஷப் பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 15 வியாழன் பொங்கல், 18 ஞாயிறு. தங்கச்சி ஏற வேண்டியது 19-ம் தேதி பின்னிரவு ஒன்று, ஒன்றரைக்கு. 19-லிருந்து 60 நாள் பின்னால் எண்ணினால் நவம்பர் 20 வரும். உண்மையில் திறந்தது நவம்பர் 19, புதன்கிழமை. 20-ம் தேதி காலை ஆர்வமாக உட்கார்ந்தவர், வண்டி திறந்து ஒரு முழு நாள் கழித்து வந்திருக்கிறார். சில வருஷம் முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கே வெயிட்டிங் லிஸ்ட் காட்டியதும் ஏஜென்ட்டுகள் அள்ளிவிட்டார்கள் என்று நினைத்துக் கொதித்தேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "ஞாயிறு ராத்திரி வண்டி" என்று வாயில் சொல்லிக்கொண்டே தேதியில் 18 போட்டுவிடுவார்கள். அது சனி இரவு கிளம்பி ஞாயிறு பின்னிரவு வருகிற வண்டி, ஞாயிறு இரவு நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகும்போது அது சென்னை சேர்ந்து ஒரு பகல் முழுக்கக் கழிந்திருக்கும். டிக்கெட் எடுத்ததும் புறப்படும் நேரத்தோடு தேதியையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

சரி, நவம்பர் 19 காலைக்கு வருகிறேன். ஏழு ஐம்பதுக்கு உள்ளே போனேன். பயணிகளின் பெயர், வயதெல்லாம் முந்தின நாளே மாஸ்டர் லிஸ்ட்டில் போட்டு வைத்திருந்தேன், ஆதார் சரிபார்ப்பும் முடித்திருந்தேன். அப்போது திறந்த முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டும்தான். அப்புறம் அது திறக்கிற நாள் முழுவதற்குமே என்று நீட்டிக்கப்பட்டுவிட்டது, அதனால் இதை முடிக்காமல் உட்காரவே வேண்டாம். மன்னையில், திருப்பாதிரிப்புலியூர் TDPR-லிருந்து எழும்பூர் MS, ஸ்லீப்பர், தங்கச்சிக்கும் ஒன்பது வயதுப் பெரியவனுக்கும் இரண்டு பெர்த். சின்னவளுக்கு நான்கு வயது, அவளுக்கு டிக்கெட் தேவையில்லை. எட்டு மணிக்கு இடம் பச்சையில் காட்டியது. பணம் கட்டும் இடத்தில் என் வங்கியின் ஓடிபி வரவில்லை. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்து, வந்து போட்டபோது பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. பணம் நாலைந்து நாளில் திரும்பி வந்தது, ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் PQWL என்று வெயிட்டிங் லிஸ்ட்.

இங்கேதான் நான் இத்தனை வருஷத்தில் கண்டுகொண்ட ஒரு நல்ல விஷயம் கைகொடுத்தது. வழியில் இருக்கும் ஸ்டேஷன்களுக்கு ஒதுக்குகிற இடம் குறைவு, முதல் ஸ்டேஷனிலிருந்து கடைசி வரை போகிறவர்களுக்கான பொது ஒதுக்கீடுதான் பெரியது. PQWL என்றால் அந்தச் சின்னப் பங்கின் வரிசையில் நிற்கிறோம் என்று அர்த்தம், அது நகர்வதும் மெதுவாக இருக்கும். அதனால் அதே வண்டியை மன்னார்குடியிலிருந்து, MQ - MS என்று தேடினேன். இடம் இருந்தது! பயணிகள் விவரம் நிரப்பும் பக்கத்தில் Boarding Station என்று ஒன்று வரும், அதில் திருப்பாதிரிப்புலியூரைத் தேர்ந்தெடுத்தேன். தேதியை மட்டும் கவனியுங்கள், மன்னார்குடியிலிருந்து தேடும்போது 18 போட வேண்டும். கட்டணம் மன்னார்குடியிலிருந்து முழுத் தூரத்துக்கும் வாங்குவார்கள். பண்டிகை நேரத்தில் உறுதியான பெர்த்துக்கு அது எனக்குக் கூடுதலாகவே தெரியவில்லை. ஏறும் ஸ்டேஷனை மாற்றாமல் விட்டால் மன்னார்குடியில் ஆள் வரவில்லை என்று பெர்த்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம், எனவே அந்த ஒரு கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பக்கத்திலேயே "Book only if confirm berths are allotted" என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் டிக் செய்துவிடுகிறேன். பிள்ளைகளோடு வெயிட்டிங் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருக்க என்னால் முடியாது.

அதுவும் கிடைக்காவிட்டால் உழவனில் இதே மாதிரி தஞ்சாவூரிலிருந்து. அதுவும் போனால் பஸ். பண்டிகை முடிந்த ஞாயிறு இரவு கடலூரிலிருந்து கிளாம்பாக்கம் போவது எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும், செங்கல்பட்டு தாண்டினாலே வண்டி ஊர்ந்துதான் போகும். பாதுகாப்புக்கு இரண்டு மூன்று வண்டியில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ரத்து செய்வதை நான் செய்வதில்லை. ஸ்லீப்பரில் ஆளுக்கு 120 ரூபாய் போவது ஒரு பக்கம், இன்னொரு குடும்பத்தின் இடத்தை இரண்டு மாதம் பிடித்து வைத்திருப்பது மனசுக்கு ஒப்பவில்லை.

நண்பருக்கான கணக்கு இது. தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. வெள்ளி 6-ம் தேதி எழும்பூரில் ஏறி வர, செப்டம்பர் 7. திங்கள் 9-ம் தேதி பின்னிரவு இங்கே ஏறித் திரும்ப, செப்டம்பர் 9. பத்து இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். பொங்கல் முடிந்து அந்தப் பின்னிரவில் பிளாட்பாரத்தில் தூங்கும் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பெரியவன் பையின் மேலேயே உட்கார்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தான். வண்டி வந்தபோது பெட்டி எங்கே நிற்கும் என்று தெரியாமல் இருட்டில் மூன்று பேரையும் ஓட வைத்து ஏற்றினேன். டிக்கெட் எடுத்த விதத்தில் எனக்குக் குறையே இல்லை. ஆனாலும் இந்தத் தீபாவளிக்கு தங்கச்சியைத் திங்கள்கிழமை லீவு போடச் சொல்லிவிட்டேன். முதல் தேர்வு பகலில் போகும் சோழன் எக்ஸ்பிரஸ், மத்தியானம் இங்கே ஏறினால் இருட்டும் நேரத்தில் எழும்பூர். திருச்சியில் கிளம்புவதும் இங்கே வருவதும் ஒரே நாள் என்பதால் அதற்குச் செப்டம்பர் 10 காலை எட்டு மணி. ஆனால் மன்னை அதற்கு முந்தின நாளே திறந்துவிடுமே, சோழன் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று தங்கச்சி கேட்டாள். கிடைக்காவிட்டால் பஸ் என்று சொல்லியிருக்கிறேன்.