80-லேயே போவதா, 100-ல் விரட்டுவதா?

சென்னையிலிருந்து திண்டிவனத்துக்குக் கார். கிளம்பும்போதே 15 நிமிடம் தாமதம். செங்கல்பட்டு வரை நெரிசலில் வேகம் நம் கையில் இல்லை. அதன்பின் கிடைக்கும் திறந்த சாலை 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

80-ல் போனால் இந்த 60 கி.மீ.க்கு 45 நிமிடம். 100-ல் போனால் 36. மிச்சம் 9 நிமிடம்தான், அதுவும் முள் 100-ஐ விட்டு இறங்காமல் இருந்தால். ஆத்தூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் தேங்கி நின்றால் அதிலும் பாதி போய்விடும்.

சரி, 15 நிமிடத்தையும் பிடிக்க வேண்டுமென்றால்? அரை மணியில் 60 கி.மீ., அதாவது சராசரியே 120. லாரிக்குப் பின்னால் மெதுவாகும் ஒவ்வொரு முறைக்கும் ஈடாக 130, 140 தொட வேண்டியிருக்கும்.

இதே தூரத்தை 40-க்குப் பதில் 60-ல் கடந்தால் அரை மணி மிச்சம். கூட்டுவது அதே 20தான். ஆனால் ஏற்கெனவே வேகமாகப் போகிறவருக்குக் குறைக்க நேரமே கொஞ்சம்தான் இருக்கிறது; 100-லிருந்து 120-க்குப் போனால் கிடைப்பது வெறும் 6 நிமிடம்.

பிரேக்கின் கணக்கு நேர்மாறானது. 80-ஐவிட 100-ல் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஒன்றரை மடங்குக்கும் மேல். நான் 80-லேயே போவேன். காத்திருப்பவருக்குக் கிளம்பும்போதே ஒரு போன்.