எந்த வீட்டுக்கு நேரில் போவது? சமூக ஊடகப் படிவ விசாரணைகளைத் தரம் பிரிக்கும் மூன்று வழிகளின் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடுகளுக்குச் சூரிய மின்தகடும் மின்கலமும் பொருத்தித் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போகிறது. விளம்பரத்தைத் தொட்டவுடன் ஒரு படிவம் திறக்கிறது. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் மூன்றும் பயனரின் கணக்கிலிருந்தே நிரம்பி நிற்கின்றன. அவர் செய்ய வேண்டியது அனுப்பு பொத்தானை அழுத்துவது மட்டுமே. 2023இல் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தபோது படிவம் நிரப்பியவர்களில் பலருக்கு உண்மையிலேயே அவசரம் இருந்தது. 2024 மார்ச் இறுதியிலிருந்து மின்வெட்டு பெரும்பாலும் நின்றுவிட்ட பிறகும் படிவங்கள் வருகின்றன. ஆனால் அழைத்துப் பேசினால், "விலை எவ்வளவு என்று பார்க்கத்தான் நிரப்பினேன்" என்ற பதிலைக் கேட்பது வாடிக்கையாகிவிட்டது.

இத்தகைய நிறுவனத்தில் விற்பனையாளரின் நேரம் எங்கே செலவாகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தொலைபேசி அழைப்புக்கு ஐந்து நிமிடம் போதும். பைன்டவுனிலிருந்து டோங்காட் வரை வண்டி ஓட்டிச் சென்று, கூரையின் சாய்வையும் நிழலையும் பார்த்து, மின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்துத் திரும்புவதற்கு அரை நாள் போய்விடுகிறது. ஆகவே படிவம் வழியாக வரும் விசாரணைகளுக்கு நாம் இடும் மதிப்பெண் காக்க வேண்டியது இந்த நேரடிப் பார்வையைத்தான். யாரை அழைப்பது என்பதற்கு மதிப்பெண் தேவையில்லை. வந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரையும் ஒருமுறை தொடர்புகொள்வது இரண்டு விற்பனையாளர்கள் உள்ள நிறுவனத்துக்கும் முடியக்கூடிய காரியமே. இந்த வேறுபாட்டைக் காணாமல் வகுக்கப்பட்ட மதிப்பெண் முறைகள் பெரும்பாலும் அழைப்பைத் தாமதப்படுத்துகின்றன. மலிவான வேலையை மிச்சப்படுத்தப் போய், ஆர்வம் சூடாக இருக்கும் நேரத்தை இழக்கின்றன.

முதல் வழி, படிவத்திலேயே வாயிலைக் குறுக்குவது. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர மேலாண்மைப் பகுதியில் படிவ வகையைத் தேர்ந்தெடுக்கும்போது, எண்ணிக்கையைக் கூட்டும் More volume, உறுதியான நோக்கம் உள்ளவர்களைத் தேடும் Higher intent என்ற இரண்டும் கண்ணில் படும். இரண்டாவதைத் தேர்ந்தால், பயனர் தன் விவரங்களை ஒருமுறை சரிபார்த்து உறுதிசெய்யும் பக்கம் ஒன்று கூடுகிறது. தவறுதலாக விரல் பட்டு வந்தவர்களும், கணக்கில் பழைய எண் கிடந்து அதை அறியாமல் அனுப்பியவர்களும் இதில் ஓரளவு குறைகிறார்கள். இதனுடன் நம் சொந்தக் கேள்விகளையும் சேர்க்கலாம். விடையைப் பொறுத்து வேறொரு முடிவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடவும் முடியும்.

இதன் விலை என்ன என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம். மாதம் 6,000 ராண்ட் செலவில் More volume படிவம் 100 விசாரணைகளைத் தருகிறது என்றும், அதே செலவில் நான்கு கேள்விகள் கொண்ட Higher intent படிவம் 55 விசாரணைகளைத் தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு விசாரணையின் விலை 60 ராண்டிலிருந்து 109 ராண்டாக ஏறிவிடுகிறது; விளம்பரப் பொறுப்பாளர் இந்த எண்ணைப் பார்த்ததும் பழைய படிவத்துக்கே திரும்பச் சொல்வார். முதல் படிவத்துக்காக 30 வீடுகளுக்குப் போய் 4 விற்பனை முடிந்தது, இரண்டாவதற்காக 18 வீடுகளுக்குப் போய் அதே 4 விற்பனை முடிந்தது என்றால், ஒரு விற்பனைக்கான விளம்பரச் செலவு இரண்டிலும் 1,500 ராண்ட்தான். ஒரு பார்வைக்கு மூன்று மணி நேரம் என்று கொண்டால், இரண்டாவது முறையில் மாதம் 36 மணி நேரம் மிஞ்சுகிறது. விசாரணையின் விலையை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியாது.

ஆனால் வாயிலைக் குறுக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது டர்பன் இந்தியர்களான நம் சமூகத்தில் சற்று அதிகம். "வீடு உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டு, இல்லை என்பவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று தோன்றும், ஏனெனில் வாடகை வீட்டின் கூரையில் யாரும் முதலீடு செய்யமாட்டார். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பெற்றோரின் பெயரில் உள்ள வீட்டில் மகனும் மருமகளும் சேர்ந்து வாழ்வதும், மின்கட்டணத்தை மகனே கட்டுவதும், கைப்பேசியில் படிவத்தை நிரப்புவது அவராகவே இருப்பதும் சாதாரணம். அவர் உண்மையைச் சொன்னால் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு விடையால் நல்லதொரு வாடிக்கையாளர் வாயிலோடு திரும்பிவிடுகிறார், அவர் வந்து போன தடயம்கூட நமக்குக் கிடைப்பதில்லை. எனவே விடைகளில் "குடும்பத்தாருக்குச் சொந்தமானது" என்பதும் இருக்க வேண்டும், வாயிலை மூடுவதற்குப் பதில் மதிப்பெண்ணைக் குறைப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

அதுதான் இரண்டாம் வழி: எல்லாரையும் உள்ளே விட்டு, விடைகளுக்கும் செயல்களுக்கும் புள்ளி இடுவது. இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். படிவத் தரவைப் பதிவிறக்கி ஒரு விரிதாளில் வைத்தாலே போதும். மெட்டா அந்தத் தரவை 90 நாட்கள் வரைதான் பதிவிறக்கத் தருகிறது என்பதால், வாரம் ஒருமுறையாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள சூத்திரத்தில் B வீட்டுரிமை, C மாத மின்கட்டணம், D எப்போது பொருத்த விருப்பம், E மின்கட்டண ரசீதின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாரா, F இரண்டு நாட்களாகப் பதிலே இல்லையா என்பவற்றைக் குறிக்கின்றன.

```
=IF(B2="own_house",30,IF(B2="family_house",25,IF(B2="own_unit",10,0)))
+IF(C2="above_3000",25,IF(C2="1500_3000",15,0))
+IF(D2="this_month",15,IF(D2="three_months",8,0))
+IF(E2="yes",30,0)-IF(F2="yes",20,0)
```

டவுன்ஹவுஸ், அடுக்குமாடி உரிமையாளருக்கு 10 மட்டும் தருவதற்குக் காரணம், பொதுக் கூரையில் எதையும் பொருத்த அவருக்குக் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதே. ரசீதுப் படத்துக்கு 30 தருவது பலருக்கு மிகையாகப் படலாம். இந்த முறையின் உயிர்நாடியே அதுதான் என்பேன். "இந்த மாதமே வேண்டும்" என்ற விடையைத் தொடுவதற்கு யாருக்கும் எதுவும் செலவில்லை. ஆனால் ரசீதைத் தேடி எடுத்து, படம் பிடித்து, அறிமுகமில்லாத நிறுவனத்துக்கு அனுப்புவதற்கு உண்மையான நோக்கம் வேண்டும்.

இரண்டு விசாரணைகளை இதில் இட்டுப் பார்ப்போம். முதலாமவர் தனி வீட்டுக்காரர், கட்டணம் 3,000 ராண்டுக்கு மேல், இந்த மாதமே வேண்டும் என்கிறார்: 30, 25, 15 சேர்த்து 70. இரண்டாமவர் டவுன்ஹவுஸ் உரிமையாளர், கட்டணம் 1,500க்கும் 3,000க்கும் இடையில், மூன்று மாதத்துக்குள் என்கிறார்: 10, 15, 8 சேர்த்து 33. படிவத்தை மட்டும் நம்பினால் முதலாமவர் வீட்டுக்குத்தான் வண்டி கிளம்பும். இருவருக்கும் ஒரே செய்தி போகிறது: கடைசி மின்கட்டண ரசீதின் படத்தை அனுப்புங்கள், அதை வைத்துத் தோராயமான அளவைச் சொல்கிறோம். இரண்டாமவர் அன்று மாலையே அனுப்பி 63க்கு ஏறுகிறார். முதலாமவர் இரண்டு நாட்களாகப் பதில் சொல்லாமல் 50க்கு இறங்குகிறார். நேரடிப் பார்வைக்கு 60 என்று எல்லை வைத்திருந்தால் முடிவு தலைகீழாகிவிடுகிறது, அது சரியான முடிவும்கூட. முன்கட்டண மீட்டர் உள்ளவர்களிடம் மாத ரசீது இருக்காது என்பதால், அவர்களிடம் அண்மையில் மின்சாரம் வாங்கிய சீட்டுகளைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் நல்லவர்களை நாமே இழப்போம்.

எதற்குப் புள்ளி இடக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடு இருக்கும் பகுதியை வைத்துப் புள்ளி இடும் பழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன். 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே வாழலாம் என்று வரையறுத்த நகரம் இது. சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் அந்தக் கொள்கையின் கீழ் இந்தியர்களுக்காக எழுப்பப்பட்டவை. பகுதிப் பெயரை மதிப்பெண்ணில் சேர்ப்பது அந்தக் கோடுகளை விரிதாளில் மீண்டும் வரைவதாகும். வணிகக் கண்ணோடு பார்த்தாலும் அது தேவையற்றது, ஏனெனில் நாம் அறிய விரும்புவது மின்கட்டணத்தை. அதை நேராகவே கேட்டுவிட்டோம்.

மதிப்பெண் வேலை செய்கிறதா என்பதை அறிய, கடந்த மூன்று மாத விசாரணைகள் அனைத்துக்கும் அன்று தெரிந்திருந்த விவரங்களை மட்டும் வைத்துப் புள்ளி இட்டு, 60க்கு மேல் உள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினர் வாங்கினர், 30க்குக் கீழ் உள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினர் வாங்கினர் என்று ஒப்பிட வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் புள்ளிகள் வெறும் அலங்காரம். ஒரு கேள்விக்குப் பத்தில் எட்டுப் பேர் ஒரே விடையைத் தொட்டால் அந்தக் கேள்வி யாரையும் பிரிக்கவில்லை, அதை எடுத்துவிடலாம். இதில் ஒரு பொறியும் உண்டு. குறைந்த புள்ளிக்காரர் வீட்டுக்கு நாம் போவதே இல்லை என்றால், அவர்கள் வாங்காததற்கு நாமே காரணமாகி, முறை தன்னைத் தானே சரியென்று நிரூபித்துக்கொள்ளும். மாதம் இரண்டு பார்வைகளையாவது குறைந்த புள்ளிக்காரர்களிடமிருந்து குருட்டாம்போக்கில் தேர்ந்து ஒதுக்குவது இதற்கு மருந்து.

மூன்றாம் வழி, தரம் பிரிக்கும் வேலையை மெட்டாவிடமே விடுவது. ஒவ்வொரு விசாரணைக்கும் உள்ள அடையாள எண்ணைச் சேமித்து, அது பின்னர் எந்த நிலையை எட்டியது என்பதை Conversions API என்ற தரவு இணைப்பு வழியாக மெட்டாவுக்குத் திருப்பி அனுப்பினால், அந்த நிலையை எட்டக்கூடியவர்களுக்கே விளம்பரத்தைக் காட்ட மெட்டா கற்றுக்கொள்கிறது. முதல் இரண்டு வழிகளும் வந்தவர்களைப் பிரிக்கின்றன. இது வருபவர்களையே மாற்றுகிறது, அந்த வகையில் மிக வலிமையானது. ஆனால் மாதம் ஏறத்தாழ 200 விசாரணைகள் வேண்டும் என்பதும், தேர்ந்தெடுக்கும் நிலை 28 நாட்களுக்குள் எட்டப்பட வேண்டும் என்பதும் மெட்டாவின் வழிகாட்டல். 55 விசாரணை வரும் நிறுவனம் அந்த எல்லையின் அருகில்கூட இல்லை. சூரிய மின் விற்பனைக்கு வங்கிக் கடனும், நிர்வாகக் குழு ஒப்புதலும் 28 நாட்களைத் தாண்டி இழுக்கக்கூடியவை என்பதால், விற்பனையை இலக்காக வைத்தால் அந்த அமைப்பு கற்பதற்கு எதுவும் கிடைக்காது. "நேரடிப் பார்வைக்கு நாள் குறித்தாயிற்று" என்ற நிலையை வைப்பதே பொருந்தும். விற்பனையாளர்கள் நிலைகளை அன்றன்றே பதியவில்லை என்றால் அவர்களுடைய சோம்பலையும் அது உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

எந்த வழியை எடுத்தாலும், 2021 ஜூலை 1 முதல் முழு நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குறைந்த புள்ளிக்காரர்களையும் காக்கிறது. விலை கேட்டு வந்தவருக்கு விலையைச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்றவருக்கு மேலும் செய்தி அனுப்பாமல் நிறுத்திவிட வேண்டும்.

மாதம் 55 விசாரணை அளவில் நான் தேர்வது Higher intent படிவத்தோடு சேர்ந்த புள்ளி முறையை. வாயிலை மூடும் கேள்வி ஒன்றுமில்லாமல். அடையாள எண்ணையும் பார்வைக்கு நாள் குறித்த தேதியையும் இப்போதே விரிதாளின் தனி நெடுவரிசைகளில் பதியத் தொடங்கிவிட்டால், விசாரணைகள் 200ஐ நெருங்கும் மாதத்தில் மூன்றாம் வழிக்கு மாறுவதற்குத் தேவையான தரவு ஏற்கெனவே கையில் இருக்கும்.