மூன்று வருடமாக லிங்க்கில் போய்வரும் வேவ் கோப்புகள்

நான் மதுரையில், அக்கா சிங்கப்பூரில். மூன்று வருடமாக இருவரும் சேர்ந்து பாட்காஸ்ட் செய்கிறோம். பேச்சு இணையவழி நடந்தாலும் அவரவர் குரலை அவரவர் கணினியிலேயே பதிவு செய்துகொள்வோம். பிறகு அக்கா தன் வேவ் கோப்பை மேகச் சேமிப்பில் ஏற்றி லிங்க் அனுப்புவார். எடிட்டிங் என் பாடு.

லிங்க் வந்ததும் பல காலம் நான் செய்த ஒரே சோதனை, கோப்பு பாடுகிறதா என்று பார்ப்பதுதான். ஒருநாள் 52 நிமிடப் பதிவு வந்தது. பிளேயரும் 52 நிமிடம் என்றே காட்டியது. தொடக்கத்தைக் கேட்டுவிட்டு எடிட்டிங்கில் இறங்கினேன். 45ஆவது நிமிடத்தில் அக்காவின் குரல் நின்றது. "தம்பி, கடைசிவரை பேசினேனே" என்றார். அவரிடம் கோப்பு முழுதாகவே இருந்தது. பதிவிறக்கம் நடுவில் அறுந்ததை என் உலாவி சொல்லவே இல்லை. வேவ் கோப்பின் நீளம் அதன் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். பிளேயர் அதைப் படித்துச் சொன்னதே தவிர, உடலை அளந்து பார்க்கவில்லை.

அளப்பது எளிது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் நொடிக்கு 1,44,000 பைட். 52 நிமிடத்துக்கு 44,92,80,000. விண்டோஸில் இது 428 எம்பி, மேக்கில் 449 எம்பி; இரண்டும் ஒன்றுதான், எண்ணும் முறை வேறு. எனக்கு வந்திருந்தது விண்டோஸ் கணக்கில் 371 எம்பி. அன்றே பார்த்திருந்தால் ஓர் இரவு மிஞ்சியிருக்கும்.

இப்போது அக்கா ஃபிளாக் கோப்பாக மாற்றி அனுப்புகிறார். ஒலியில் ஒரு துளியும் குறையாது, அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். எனக்குப் பிடித்தது வேறொன்று: மூல ஒலியின் சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. இறக்கியவுடன் இதை ஓட்டுகிறேன்:

```
flac -t akka_052.flac
```

`ok` என்று வந்தால் எடிட்டிங்; பிழை வந்தால் மறுபடி பதிவிறக்கம்.

போன வருடம் அக்கா 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் கருவி வாங்கினார். அங்கே இந்த வழி ஒத்துவராது. ஃபிளாக்குக்காக 24 பிட்டுக்கு இறக்கினால், அளவு மீறிய உரத்த சிரிப்புகள் வெட்டுப்பட்டுவிடும். ஃப்ளோட்டில் பதிந்ததே அவற்றைப் பிறகு தணித்துக்கொள்ளத்தான். அந்தக் கோப்புகளை மட்டும் ஜிப் செய்து அனுப்பச் சொல்கிறேன். அளவு பெரிதாகக் குறையாது, ஆனால் அறுந்த ஜிப் திறக்கும்போதே தகராறு செய்யும்.

முடித்த நிகழ்ச்சியை நான் திருப்பி அனுப்பும்போது அக்காவுக்கு ஒரு பழக்கம்: லிங்க்கைத் திறந்து உலாவியிலேயே கேட்டுவிட்டு, "ச, ஸ எல்லாம் கரகரக்கிறதே" என்பார். அங்கே ஒலிப்பது சேவைக்காரர்கள் சுருக்கி வைத்த முன்னோட்டம். இறக்கிக் கேட்டால் கரகரப்பு இருக்காது. இரண்டு முறை அதை நம்பி, தேவையே இல்லாமல் அவர் குரலை மழுங்கடித்திருக்கிறேன்.